யார் சேரலாம், யார் எழுதலாம், யார் படிக்கலாம்?

2007 அக்டோபர் தொடக்கத்தில் ஒரு காலை, அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தினசரி அறிக்கை வழக்கம்போல் மின்னஞ்சலில் போனது. மின்நிலையங்கள், குடிநீர், வங்கிகள் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளின் தொகுப்பு அது. ரகசியம் எதுவும் அதில் கிடையாது. அரசு ஊழியர்களும் தனியார் நிறுவனங்களின் பாதுகாப்பு அலுவலர்களுமாக ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பெறப் பெயர் கொடுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் தன் பதிவைப் பற்றி ஒரு வேண்டுகோளைப் பதிலாக எழுதி அனுப்பினார். அறிக்கையைத் தயாரிக்கும் அலுவலருக்குப் போகவேண்டிய அந்தப் பதில், பட்டியலில் இருந்த எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் நடந்ததை யாராலும் நிறுத்த முடியவில்லை. “எனக்கு ஏன் இது வந்தது?” என்று ஒருவர் கேட்டார்; அந்தக் கேள்வியும் எல்லோருக்கும் போனது. “என் பெயரை எடுத்துவிடுங்கள்” என்று பலர் எழுதினார்கள். “எல்லோரும் பதில் எழுதுவதை நிறுத்துங்கள்” என்று எழுதியவர்களும் அந்த வெள்ளத்தில் ஒரு குடம் ஊற்றினார்கள். கடைசியில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மடல்கள் ஓடியிருந்தன. இந்த எண்ணிக்கை மிகையாகத் தோன்றும், ஆனால் கணக்கு எளிது. 7,000 பேர் உள்ள பட்டியலில் 300 பேர் ஆளுக்கு ஒரு வரி எழுதினால் 21 லட்சம் பிரதிகள்.

பாதுகாப்பையே வேலையாகக் கொண்ட ஒரு துறையில் இது நடந்தது. யாரும் உள்ளே ஊடுருவவில்லை. எந்தக் கடவுச்சொல்லும் திருடு போகவில்லை. பட்டியலில் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்பது சரியான முடிவுதான், அறிக்கை பொதுமக்களுக்கானது. ஆனால் அதில் யார் எழுதலாம் என்பது வேறு கேள்வி. அதற்கு யாரும் தனியாகப் பதில் சொல்லி வைக்கவில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம், பள்ளியின் பழைய மாணவர் குழு, சிறிய அலுவலகத்தின் பொது முகவரி என்று மின்னஞ்சல் குழு வைத்திருக்கும் எவருக்கும் இந்த வேறுபாடுதான் முதலில் தெரியவேண்டியது. யார் சேரலாம், யார் எழுதலாம், எழுதியது நேராகப் போகுமா அல்லது மட்டுறுத்துநர் பார்த்த பிறகு போகுமா என்ற மூன்றும் மூன்று தனிப் பூட்டுகள். ஒன்றைப் பூட்டினால் மற்றது தானாகப் பூட்டிக்கொள்ளாது. நான்காவதாக ஒன்றும் உண்டு: பழைய மடல்களை யார் படிக்கலாம் என்பது. அதைப் பலரும் கவனிப்பதே இல்லை.

ஒரு குடியிருப்புச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். இருநூறு வீடுகள். சங்கத்துக்குச் சொந்தமாக ஓர் இணைய முகவரி இருக்கிறது. அதில் கூகுள் குழுமம் வழியாகச் செயலாளர் மூன்று முகவரிகளை உருவாக்குகிறார். தண்ணீர் லாரி எப்போது வரும், லிஃப்ட் எப்போது பழுது பார்க்கப்படும் என்று சொல்ல `notice` என்று ஒன்று. குடியிருப்போர் தங்களுக்குள் பேசிக்கொள்ள `talk`. வெளியிலிருந்து பிளம்பர், மின்வாரியம், வாடகைக்கு வீடு கேட்பவர்கள் எழுத `office`. மூன்றையும் ஒரே நாளில், ஒரே மாதிரி அமைத்துவிட்டால் அவற்றில் இரண்டு நிச்சயம் தவறாக இருக்கும். ஏனென்றால் மூன்றுக்கும் தேவை ஒன்றுக்கொன்று எதிரானது.

`notice` குழுவில் இருநூறு வீடும் இருக்கவேண்டும். எழுதுவது செயலாளரும் பொருளாளரும் மட்டும். கூகுள் குழுமத்தின் அமைப்புப் பக்கத்தில் `Who can post` என்ற வரியில் உரிமையாளர்கள், மேலாளர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதைச் செய்துவிட்டால் ஒரு வீட்டுக்காரர் தெரியாமல் ‘எல்லோருக்கும் பதில்’ அழுத்தினாலும் குழுவின் முகவரி அந்த மடலை ஏற்காது. அமெரிக்கத் துறையில் அன்று இல்லாமல் போனது இந்த ஒரு வரிதான்.

`talk` குழுவில் உறுப்பினர் எல்லோரும் எழுதலாம், வெளியார் எழுதக்கூடாது. இங்கே ஒரு துணைக் கேள்வி வரும்: ஒருவர் ‘பதில்’ அழுத்தினால் அது குழுவுக்குப் போகவேண்டுமா, எழுதியவருக்கு மட்டும் போகவேண்டுமா? குழுவுக்கே போகும்படி வைத்தால் உரையாடல் சுறுசுறுப்பாக நடக்கும். ஆனால் செயலாளரைப் பற்றி நண்பரிடம் தனியாகச் சொல்ல நினைத்த கசப்பும் இருநூறு வீட்டுக்குப் போய்விடும். மடற்குழு நடத்த நெடுங்காலமாகப் பயன்படும் மெயில்மேன் என்ற கட்டற்ற மென்பொருள், பதில் எழுதியவருக்கே போவதைத்தான் இயல்பாக வைத்திருக்கிறது. பெரும்பாலான குழுக்களுக்கு அதையே அழுத்தமாகப் பரிந்துரைக்கவும் செய்கிறது. அது சரியான பரிந்துரை. தனியாக எழுத நினைத்தது பொதுவில் போனால் திரும்பப் பெற வழியில்லை. பொதுவில் எழுத நினைத்தது தனியாகப் போனாலோ இன்னொரு முறை அனுப்பினால் தீர்ந்தது.

`office` மற்ற இரண்டுக்கும் நேர் எதிர். இதில் உறுப்பினர்கள் நான்கைந்து பேர்தான். அவர்களையும் செயலாளர்தான் சேர்ப்பார். ஆனால் எழுதுவது உலகத்தில் யார் வேண்டுமானாலும். இங்கேதான் அதிகமான சங்கங்களும் சிறு நிறுவனங்களும் இடறுகின்றன. குழு உருவாகும்போது பாதுகாப்புக் கருதி வெளியார் எழுதும் உரிமை பெரும்பாலும் மூடியே இருக்கும். செயலாளர் தன் சங்க முகவரியிலிருந்து ஒரு சோதனை மடல் அனுப்புவார். அது வந்துவிடும், ஏனென்றால் அவர் உள்ளே இருப்பவர். ‘வேலை செய்கிறது’ என்று அறிவிப்புப் பலகையில் முகவரியை எழுதிப் போடுவார். வெளியிலிருந்து எழுதும் பிளம்பருக்குத் திரும்பி வருவது ஆங்கிலத்தில் ஒரு மறுப்பு:

```
We're writing to let you know that the group you tried
to contact (office) may not exist, or you may not have
permission to post messages to the group.
```

‘அப்படி ஒரு குழு இல்லாமல் இருக்கலாம், அல்லது அதற்கு எழுத உங்களுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம்’ என்கிறது அது. பிளம்பர் முகவரி தவறு என்று நினைத்து விட்டுவிடுவார். சங்கத்தின் பக்கத்தில் இதற்கு ஒரு தடயமும் இருக்காது. பட்டியல் வெடித்தால் ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மடல் வராமல் போவது மாதக்கணக்கில் தெரியாது. ‘மெயில் போட்டேன், பதிலே இல்லை’ என்று இரண்டு பேர் வெவ்வேறு நாளில் சொன்னால், சோம்பேறித்தனம் என்று யாரையும் குறை சொல்வதற்கு முன் இந்த அமைப்பைத் திறந்து பார்க்கவேண்டும். சோதனை மடலைச் சங்கத்தோடு தொடர்பே இல்லாத ஒரு முகவரியிலிருந்து, வீட்டில் ஒருவரின் சொந்த ஜிமெயிலிலிருந்து, அனுப்பிப் பார்ப்பதுதான் ஒரே நம்பகமான வழி.

சரி, வெளியார் எழுதலாம் என்று திறந்துவிட்டால் குப்பை மடல்கள் வருமே? வரும். அதற்காகத்தான் மூன்றாவது பூட்டு.

மட்டுறுத்தல் என்றால் ஒவ்வொரு மடலையும் ஒருவர் உட்கார்ந்து படித்து அனுமதிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடத்தும் குழுக்கள் விரைவில் களைத்துப்போகும். அனுபவமுள்ள நிர்வாகிகள் செய்வது வேறு. புதிதாகச் சேர்ந்தவரின் முதல் மடலை மட்டும் நிறுத்தி வைப்பார்கள். அது குழுவுக்கு உரியதாக இருந்தால் அனுமதித்து, அதே திரையில் இந்த உறுப்பினர் இனி நேராக எழுதலாம் என்றும் குறித்துவிடுவார்கள். விளம்பரம் பரப்பவென்றே சேர்கிறவர் முதல் மடலிலேயே தன்னைக் காட்டிக்கொள்வார் என்பது இந்த முறையின் அடிப்படை. பெரும்பாலும் அது பொய்ப்பதில்லை.

நிறுத்தி வைத்த மடலை என்ன செய்வது என்பதில் மெயில்மேன் நான்கு வழி தருகிறது: ஏற்பது, நிறுத்தி வைப்பது, காரணம் சொல்லித் திருப்புவது, சத்தமில்லாமல் கைவிடுவது. கடைசி இரண்டுக்கும் நடுவில் உள்ள வேறுபாடு பார்வைக்குச் சிறியதாகத் தோன்றினாலும் விளைவில் பெரியது. குப்பை மடலில் ‘அனுப்புநர்’ என்று இருக்கும் முகவரி பெரும்பாலும் போலி. சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவருடையது. அதைத் திருப்பி அனுப்பினால் அந்த அப்பாவியின் பெட்டிக்குத்தான் போய்ச் சேரும். நூறு குழுக்கள் இப்படித் திருப்பினால் அவர் நூறு மறுப்புகளைப் பெறுவார். எனவே குப்பை என்று உறுதியானதைக் கைவிட வேண்டும். திருப்புவது, மறுமுனையில் உண்மையாகவே ஒரு மனிதர் இருக்கிறார் என்று தெரியும்போது மட்டும். குழுவின் உறுப்பினர் வீட்டு விற்பனை விளம்பரத்தை அனுப்பினால், ஏன் அனுமதிக்கவில்லை என்று ஒரு வரி எழுதித் திருப்புவதே மரியாதை.

மட்டுறுத்துநர் எதையும் நிறுத்தச் சொல்லாதபோதும் சில மடல்கள் நிற்கும். அது உறுப்பினர்களுக்குப் பெரிய குழப்பம். தன்னைக் குறிவைத்துத் தடுத்துவிட்டார்கள் என்று மனத்தாங்கல் வரை போகும். மெயில்மேனின் பழைய 2.1 வரிசையில் ஒரு மடல் 40 கிலோபைட்டைத் தாண்டினால் நிற்கும். கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படம் அதைப்போல் பல மடங்கு இருக்கும். பெறுநர் வரிகளில் பத்து முகவரியோ அதற்கு மேலோ இருந்தாலும் நிற்கும். குழுவின் முகவரியை மறைபிரதியில் போட்டு அனுப்பினால், பெறுநர் வரியில் குழுவின் பெயர் வெளிப்படையாக இல்லை என்பதற்காக நிற்கும். அனுப்பியவருக்கு ஒரு தகவல் வரும். நின்ற காரணம் அதிலேயே இருக்கும். உறுப்பினர் அல்லாதவர் எழுதியதால் நின்றது என்றால் இப்படி:

```
Post by non-member to a members-only list
```

இந்தக் காரணம் உறுப்பினருக்கே வந்தால் குழம்பத் தேவையில்லை. அவர் சேர்ந்தது ஒரு முகவரியில், எழுதியது இன்னொன்றில். அலுவலக முகவரியில் சேர்ந்துவிட்டுக் கைப்பேசியில் சொந்த ஜிமெயிலிலிருந்து எழுதுபவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. குழுவின் மென்பொருளுக்கு ஆளைத் தெரியாது. ‘அனுப்புநர்’ வரியில் உள்ள முகவரியைத்தான் தெரியும்.

இந்த உண்மைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. முகவரியை மட்டும் பார்த்து அனுமதிக்கும் பூட்டை, அந்த முகவரியைப் போலியாகப் போட்டு எழுதுகிறவர் திறந்துவிடலாம். இன்றைய பெரிய மின்னஞ்சல் சேவைகள் போலி அனுப்புநரைப் பல இடங்களில் கண்டுபிடித்துவிடுகின்றன. ஆனால் எல்லா இடத்திலும் என்று சொல்ல முடியாது. அறிவிப்பு மட்டும் போகும் பட்டியலைக் கவனமாக நடத்துகிறவர்கள் அதனால் செயலாளரையும் சேர்த்து எல்லோரையும் மட்டுறுத்தலில் வைக்கிறார்கள். மெயில்மேனில் செயலாளர் அனுப்பும் மடலின் முதல் வரியில் `Approved:` என்று எழுதி, பக்கத்தில் குழுவின் கடவுச்சொல்லை இடுவார். மென்பொருள் அதைச் சரிபார்த்து, அந்த வரியை நீக்கிவிட்டு மற்றதை எல்லோருக்கும் அனுப்பும். முகவரியைத் திருடியவரிடம் கடவுச்சொல் இருக்காது.

சேரும் வாசலுக்கும் இதே போலிதான் பிரச்சினை. படிவத்தில் யாருடைய முகவரியையும் யாரும் எழுதலாம். அதனால்தான் நல்ல குழுக்கள், ‘நீங்கள்தான் கேட்டீர்களா?’ என்று அந்த முகவரிக்கே ஒரு மடல் அனுப்பி, அதிலுள்ள இணைப்பை அழுத்திய பிறகே சேர்க்கின்றன. இது வீண் சடங்கு அல்ல என்பது 2016 ஆகஸ்டில் தெரிந்தது. உறுதி கேட்காத பட்டியல்களாகத் தேடி, சிலருடைய முகவரிகளை ஆயிரக்கணக்கான பட்டியல்களில் யாரோ சேர்த்துவிட்டார்கள். இணையக் குற்றங்களைப் பற்றி எழுதும் அமெரிக்கப் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸும் அதில் சிக்கினார். அரசு அலுவலகங்களின் முகவரிகள் பலவும் சிக்கின. ஒவ்வொரு பட்டியலும் தனித்தனியே நேர்மையானது. எல்லாம் சேர்ந்து ஒருவருடைய பெட்டியைப் பயன்படுத்தவே முடியாமல் செய்தன. குடியிருப்புச் சங்கத்துக்கு இந்த உறுதிப்படுத்தல் மட்டும் போதாது: முகவரி உண்மையானது என்று அது சொல்லும், அந்த ஆள் நம் வளாகத்தில் இருக்கிறாரா என்று சொல்லாது. அதற்கு ஒரு நிர்வாகி வீட்டு எண்ணைப் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் முழு வாசல்.

இனி அந்த நான்காவது பூட்டு. 2018இல் கென்னா செக்யூரிட்டி என்ற அமெரிக்க நிறுவனம் கூகுள் குழுமங்களை ஆராய்ந்தது. 9,600க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் குழுக்கள் பொதுமக்கள் பார்க்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. அவற்றில் கணிசமானவற்றில் பணம் சார்ந்த கடிதங்கள், கடவுச்சொல் மாற்றும் இணைப்புகள் போன்றவை திறந்து கிடந்தன. கூகுளின் மென்பொருளில் ஓட்டை இல்லை. நிர்வாகிகள் ‘பொது’ என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பலர் அதற்குப் பொருள் ‘பொதுமக்கள் எங்களுக்கு எழுதலாம்’ என்று எடுத்துக்கொண்டது இயல்பே. ஆனால் ‘பொதுமக்கள் எங்கள் கடிதங்களைப் படிக்கலாம்’ என்பதும் அதற்குள் இருந்தது.

குடியிருப்புச் சங்கத்தின் `office` குழுவுக்கு இந்த ஆபத்து நேரடியாகப் பொருந்தும். வெளியார் எழுதலாம் என்று `Who can post` வரியைத் திறந்தவர், `Who can view conversations` என்ற வரியையும் அதே வேகத்தில் திறந்துவிட்டால், வாடகைக்கு வருபவர் அனுப்பிய ஆதார் நகல் வரை இணையத்தில் இருக்கும். சரிபார்ப்பது எளிது: உலாவியில் மறைநிலைச் சாளரம் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல் குழுவின் பக்கத்தைத் தேடவேண்டும். ஒரு மடல் கண்ணில் பட்டாலும் போதும், எல்லாமே தெரிகிறது என்று பொருள்.

படிப்பதைத் திறந்து வைப்பதே தவறு என்று முடிவு கட்டிவிடக்கூடாது. தமிழ் இணையம் வளர்ந்ததே மடலாடற்குழுக்களில்தான். தொண்ணூறுகளில் தமிழ்.நெட் குழுவில் உலகின் பல மூலைகளிலிருந்து தமிழர்கள் எழுதினார்கள்; 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் மின்னஞ்சல் வழியேதான் ஒன்றுசேர்ந்து பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். பின்னால் வந்த மின்தமிழ் போன்ற கூகுள் குழுக்களில் கல்வெட்டு, மரபு, இலக்கணம் பற்றி நடந்த விவாதங்கள், படிக்கும் உரிமை திறந்திருப்பதால்தான் இன்று புதிதாகத் தேடுகிறவர்களுக்கும் கிடைக்கின்றன. அங்கே எல்லோரும் படிக்கலாம், உறுப்பினர் எழுதலாம் என்பது பொருத்தமான சேர்க்கை. வாடகை ஒப்பந்தம் வந்து சேரும் முகவரிக்குப் பொருத்தமானது எல்லோரும் எழுதலாம், உறுப்பினர் படிக்கலாம் என்பது. இரண்டும் ஒன்றின் தலைகீழ்.

மட்டுறுத்தலில் கடைசியாகக் கெடுவது அமைப்பு அல்ல, ஆள். ஒரே ஒருவர் மட்டுறுத்துநராக இருந்து அவர் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டால், வரிசையில் நாற்பது குப்பை மடல்களுக்கு நடுவே ஒரு தண்ணீர்க் கசிவுப் புகார் நிற்கும். மெயில்மேன் நாள்தோறும் காலையில் ‘இத்தனை மடல்கள் காத்திருக்கின்றன’ என்று நினைவூட்டும். அந்த நினைவூட்டலைத் திறக்காமல் ஒதுக்கும் பழக்கம் வந்துவிட்டால் அதற்கும் பயனில்லை. இரண்டு மட்டுறுத்துநர்களாவது வேண்டும். எவ்வளவு நேரத்துக்குள் பார்ப்பார்கள் என்று உறுப்பினர்களிடம் சொல்லியும் வைக்கவேண்டும். அன்றாடம் பார்க்க ஆள் இல்லாத குழுவில் மட்டுறுத்தலை இயக்கி வைப்பதைவிட, உறுப்பினர் மட்டும் எழுதலாம் என்று விட்டுவிடுவதே நல்லது.

எல்லாம் சரியாக வைத்திருந்தும் ஒரு நாள் `talk` குழு வெடிக்கலாம். 1997இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள்ளேயே சுமார் 13,000 ஊழியர்கள் இருந்த ஒரு பட்டியலில் ‘என் பெயர் ஏன் இதில் இருக்கிறது? எடுத்துவிடுங்கள்’ என்று ஒருவர் எழுத, ‘என் பெயரையும்’ என்று மற்றவர்கள் தொடர, ஒன்றரைக் கோடி மடல்கள் குவிந்தன. மின்னஞ்சல் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கே நேர்ந்தது இது.

அந்த நேரத்தில் ‘யாரும் பதில் எழுதாதீர்கள்’ என்று குழுவுக்கு எழுதுவது நிர்வாகி செய்யக்கூடாத முதல் காரியம். செய்யவேண்டியது அமைப்புப் பக்கத்துக்குப் போய் எல்லா மடல்களையும் மட்டுறுத்தலுக்கு மாற்றுவது. மெயில்மேனில் இதற்கென்றே அவசர மட்டுறுத்தல் என்று ஒரு பொத்தான் உண்டு. கூகுள் குழுமத்தில் மடல் மட்டுறுத்தல் வரியை ‘அனைத்தும்’ என்று மாற்றினால் அதே பலன். வெளியே போய்விட்டவற்றைத் திரும்பப் பெற முடியாது, ஆனால் அடுத்தது போகாது. பிறகு நிதானமாக வரிசையைத் திறந்து, ‘என்னை எடுத்துவிடுங்கள்’ என்றவர்களை நிர்வாகியே நீக்கிவிட்டு அந்த மடல்களைக் கைவிடவேண்டும். நடுவே சிக்கிய உண்மையான புகார்களை மட்டும் அனுமதித்து, ஒவ்வொரு மடலின் கீழும் விலகும் வழி அச்சாகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு நாள் கழித்து அவசர நிலையை எடுக்கலாம். எடுத்த பிறகு வரும் முதல் சில மடல்களை உடனிருந்து பார்க்கவேண்டும். நேற்றைய மடலுக்கு இன்றுதான் பதில் எழுதுகிறவர் ஒருவராவது இருப்பார்.